கடைசிக் கோப்பு யார் பொறுப்பு?

“எம்பி3 போட்டு வாட்ஸ்அப்புல அனுப்பிடுங்க சார், போதும்.” சாலிகிராமத்திலும் வடபழனியிலும் இருக்கும் சின்னச் சின்ன ஒலிப்பதிவுக் கூடங்களில், ஒரு பாட்டு முடிந்த அன்று இதைச் சொல்லாத ஆள் குறைவு. சொல்பவரைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவர் கேட்ட பாட்டு கைக்கு வந்துவிட்டது, கைப்பேசியில் நன்றாகவும் ஒலிக்கிறது. சிக்கல் தெரிவது பல மாதங்கள் கழித்துத்தான். பாட்டைக் குறும்படத்தில் சேர்க்க எடிட்டர் வேவ் கோப்பு கேட்கிறார். இணையத் தளங்களில் ஏற்ற முனைந்தால் விநியோக நிறுவனமும் அதையே கேட்கிறது. கூடத்துக்குப் போன் போட்டால், “அந்த ஹார்டு டிஸ்க் போயிடுச்சே” என்கிறார்கள். பாட்டை எழுதியவர் பெயரைப் படிவத்தில் நிரப்ப வேண்டியவருக்கு அந்தப் பெயரே சரியாகத் தெரியவில்லை. கூடம் வாடிக்கையாளரைக் கைகாட்டுகிறது, வாடிக்கையாளர் இசையமைப்பாளரைக் கைகாட்டுகிறார், அவர் விநியோகஸ்தரைக் கைகாட்டுகிறார்.

யாரும் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. ஒவ்வொருவரும் தன் பங்கில் சிறு வேலையொன்றை அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார், அவ்வளவே. எனவே ஒருவரைத் திருத்துவதால் இது சரியாகாது. தனியார் தயாரிப்பில் பாட்டு செய்கிற எல்லோருக்கும் பொதுவான ஒரு வழக்கம் தேவை. அந்த வழக்கம் என்னவாக இருக்கலாம் என்பதை ஒரே ஒரு பாட்டை வைத்துப் பேசிப் பார்க்கலாம்.

ஐந்து நிமிட முருகன் பாட்டு ஒன்று என்று வைத்துக்கொள்வோம். தொடக்கத்தில் தம்புரா சுருதியின் மேல் ஒரு விருத்தம், பிறகு மிருதங்கமும் ஜால்ராவும் சேர்ந்த பாட்டு. கூடத்தில் அதை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, மிக்ஸ் செய்து, மாஸ்டரும் முடித்துவிட்டார்கள். அது நான்கு பேருக்குப் போக வேண்டும். இணையத் தளங்களில் ஏற்றித் தரும் விநியோக நிறுவனம் ஒன்று. அதைத் தன் படத்தில் பயன்படுத்தப்போகும் குறும்பட எடிட்டர் இரண்டாவது. மாணவியின் அரங்கேற்றத்துக்குக் கேட்டிருக்கும் நடன ஆசிரியை மூன்றாவது. ஆடிக் கிருத்திகைக்கு ஒலிபெருக்கியில் போட விரும்பும் கோயில் கமிட்டி நான்காவது. பாட்டு ஒன்றுதான். நான்கு பேருக்கும் ஒரே கோப்பை அனுப்பினால் குறைந்தது ஒருவருக்காவது தவறான பொருள் போய்ச் சேரும்.

முதலில் அளவைப் பார்த்துவிடலாம். அந்த மாஸ்டர் வேவ் கோப்பாக இருக்கும்போது ஏறத்தாழ 86 எம்பி. குறுந்தகட்டுத் தரத்துக்கு, அதாவது 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கினால் 53 எம்பி. 320 கேபிபிஎஸ் எம்பி3 ஆக்கினால் 12 எம்பி. 128 கேபிபிஎஸ் என்றால் 5 எம்பிகூட வராது. இதற்கிடையில் ஃபிளாக் என்று ஒரு வடிவம் 2001 முதல் இருக்கிறது. அது ஒலியில் ஒரு துளியைக்கூட எறியாமல், கோப்பை மட்டும் மூல அளவில் பாதி முதல் மூன்றில் இரண்டு பங்காகச் சுருக்கித் தருகிறது. திரும்ப விரித்தால் மூல வேவில் இருந்த அதே எண்கள் அப்படியே கிடைக்கும். இதைச் சோதிப்பது எளிது. இரண்டையும் எடிட்டிங் மென்பொருளில் அடுத்தடுத்த டிராக்குகளில் வைத்து, ஒன்றின் அலையைத் தலைகீழாகத் திருப்பிச் சேர்த்து ஒலிக்க விடுங்கள். ஃபிளாக் என்றால் முழு நிசப்தம். எம்பி3 என்றால் சரசரவென்று ஏதோ மிச்சம் கேட்கும். அந்த மிச்சம்தான் எம்பி3 மாற்றிவிட்ட பகுதி.

எம்பி3 கண்டபடி வெட்டுவதில்லை. ஓர் ஓங்கிய ஒலிக்குப் பக்கத்தில் இருக்கும் மெல்லிய ஒலி மனிதக் காதுக்குக் கேட்பதில்லை. அந்தக் கேட்காத பகுதிக்கு மிகக் குறைவான பிட்களைச் செலவிட்டு இடத்தை மிச்சப்படுத்துகிறது. பிட் ரேட் தாராளமாக இருக்கும்போது இந்தக் கணக்கு அற்புதமாக வேலை செய்கிறது. 320 எம்பி3யையும் வேவையும் மறைத்து வைத்துக் கேட்கச் சொன்னால் பெரும்பாலோரால் வேறுபாடு சொல்ல முடியாது. நல்ல காதும் நல்ல ஸ்பீக்கரும் உள்ளவர்களே திணறுவார்கள். இதை மறைத்துவிட்டு “வேவ்தான் உசத்தி” என்று பேசுகிற ஒலிப் பிரியர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 128க்கு இறங்கும்போதுதான் கணக்கு இறுகுகிறது. 16 கிலோஹெர்ட்ஸை ஒட்டி அதற்கு மேற்பட்ட ஒலியை மென்பொருள் வெட்டிவிடும். ஜால்ராவின் சிணுங்கல் தண்ணீருக்குள் கேட்பதுபோல் குழையும். மிருதங்கத்தின் கூர்மையான சாப்பு விழுவதற்குச் சற்று முன்பே ஒரு நிழல்போல அதன் இரைச்சல் தொடங்கிவிடும், ஏனென்றால் இந்த வடிவம் ஒலியைச் சிறு சிறு துண்டங்களாக எடுத்துச் சுருக்குகிறது, சுருக்கத்தில் எழும் பிழை அந்தத் துண்டம் முழுக்கப் பரவுகிறது. நம் தாள வாத்தியங்களும் ஜால்ராவும் இந்தக் குறையை மற்ற இசையைவிடச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும்.

அப்படியானால் 320 எல்லோருக்கும் போதாதா? கடைசியாகக் கேட்பவருக்குப் போதும். அந்தக் கோப்பை வைத்து மேலும் வேலை செய்யப் போகிறவருக்குப் போதாது. ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பதுபோல, இழப்புள்ள வடிவத்தை மறுபடி இழப்புள்ள வடிவமாக்கும்போது முதல் முறை காதுக்கு மறைந்திருந்த பிழை இரண்டாம் முறையில் தலைகாட்டும். ஆகவே வடிவத்தைத் தேர்ந்தெடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, “இது எப்படிக் கேட்கிறது?” என்பதைவிட, “இது அடுத்து எங்கே போகிறது?” என்பதே. நம் நான்கு பேரையும் இந்தக் கேள்வியோடு பார்ப்போம்.

குறும்பட எடிட்டருக்கு 320 எம்பி3 கொடுத்தால் நடப்பது இது. அவர் படத்தை முடித்து எம்பி4 கோப்பாக ஏற்றுமதி செய்யும்போது ஒலி ஏஏசி வடிவத்துக்கு மாறுகிறது. அது யூடியூபுக்குப் போனதும் அங்கே மறுபடி சுருக்கப்படுகிறது. நாம் கொடுத்த எம்பி3யையும் சேர்த்தால் மூன்று சுருக்கங்கள். யாராவது அதைத் தரவிறக்கி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைத்தால் நான்கு. வேவ் கொடுத்திருந்தால் ஒன்று குறைந்திருக்கும். எடிட்டரும் தன் பங்கைச் செய்யலாம். ஸ்டீரியோ ஒலிக்கு 384 கேபிபிஎஸ் வைத்து ஏற்றும்படி யூடியூபே பரிந்துரைக்கிறது. பல எடிட்டர்கள் மென்பொருள் முன்கூட்டியே வைத்திருக்கும் குறைந்த எண்ணைப் பார்ப்பதேயில்லை. எம்பி3யில் இன்னொரு தொல்லையும் உண்டு. அந்த வடிவம் சுருக்கும்போது பாட்டின் தொடக்கத்தில் ஒரு சிறு வெற்றிடத்தைச் சேர்த்துவிடுகிறது. அது 25 மில்லி விநாடியோ அதற்குச் சற்று மேலோ இருக்கும். புதிய பிளேயர்கள் அதைக் கழித்துக்கொள்கின்றன, எல்லா எடிட்டிங் மென்பொருள்களும் கழிப்பதில்லை. சினிமாவில் ஒரு ஃபிரேமின் நீளம் சுமார் 40 மில்லி விநாடி. உதடசைவுக்குப் பொருத்திய பாட்டு அரை ஃபிரேமுக்கு மேல் தள்ளிப்போய்விடும். திரைப்படத்தின் வழக்கமான அலகு 48 கிலோஹெர்ட்ஸ் என்பதால், நம் மாஸ்டர் வேவ் எந்த மாற்றமும் இல்லாமல் அப்படியே அவருக்குப் போவதுதான் சரி.

நடன ஆசிரியையின் தேவையைப் பலரும் குறைத்து எடை போடுகிறார்கள். “மேடையில போடத்தானே, எம்பி3 போதும்” என்பார்கள். ஆனால் அவர் பாட்டை வாங்கியதும் அப்படியே போடுவதில்லை. மாணவியின் மூச்சுக்கு ஏற்ப வேகத்தைச் சற்றுக் குறைப்பார், ஒரு சரணத்தை மறுபடி ஒட்டுவார், ஜதிக்கு இடம் விடுவார், சுருதியைக் கொஞ்சம் மாற்றவும் செய்வார். வேகத்தை மாற்றும் மென்பொருள் ஒலியை நீட்டிப் பரப்புகிறது. எம்பி3 மறைத்து வைத்திருந்த குறைகளும் அதோடு நீண்டு வெளியே வருகின்றன. பிறகு அவர் எடிட் செய்ததை மறுபடி எம்பி3யாகச் சேமிப்பார், மறுநாள் அதைத் திறந்து இன்னும் ஒரு வெட்டு வெட்டுவார். அரங்கேற்றத்தன்று பெரிய அரங்கின் ஸ்பீக்கரில் ஜால்ரா கரகரக்கும்போது பழி ஒலிபெருக்கி வைத்தவர் மேல் விழும். ஆசிரியைக்கு வேவோ ஃபிளாக்கோதான் தர வேண்டும். எடிட் முடியும் வரை அதே வடிவத்தில் சேமிக்கும்படி ஒரு வரி எழுதியும் தர வேண்டும். எடிட் எல்லாம் முடிந்தபின் பென்டிரைவுக்காக ஒருமுறை எம்பி3 ஆக்கினால் கெடுதல் இல்லை.

கோயில் கமிட்டிக்கு நேர்மாறு. அவர்களுக்கு 86 எம்பி வேவ் கொடுப்பது உதவியாகாது. ஆம்பிளிஃபயரில் செருகும் பென்டிரைவ் பிளேயர்களில் பல ஃபிளாக்கையோ 24 பிட் வேவையோ படிக்காது. விழாவன்று காலை ஐந்து மணிக்குப் பாட்டு ஒலிக்காவிட்டால் தரத்தைப் பற்றிப் பேச யாரும் இருக்கமாட்டார்கள். கூம்பு ஒலிபெருக்கி 16 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதையும் சொல்லப் போவதில்லை என்பதால் 192 எம்பி3யே தாராளம், 320 கொடுத்தால் கவலையே இல்லை. விருத்தத்தையும் பாட்டையும் இரண்டு டிராக்காகப் பிரித்திருந்தால் மட்டும் ஒரு கவனம் வேண்டும். முன்பு சொன்ன எம்பி3 வெற்றிடம் இரண்டுக்கும் நடுவில் வந்து உட்காரும், தொடர்ந்து ஒலிக்க வேண்டிய தம்புரா அங்கே ஒரு கணம் அறுந்து ஒலிக்கும். கமிட்டிக்கென்று இரண்டையும் இணைத்து ஒரே கோப்பாக ஏற்றிக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது. பொருத்தமான இடத்தில் இழப்புள்ள வடிவம் நல்ல வடிவம்தான். கடைசிக் கண்ணிக்கு முன்னால் அது நுழைவதுதான் தவறு.

விநியோக நிறுவனத்துக்கு இழப்பில்லாத கோப்பு தவிர வேறு எதுவும் போகக் கூடாது. ஸ்பாட்டிஃபை ஒரே பாட்டை ஓக் வோர்பிஸ் வடிவத்தில் வெவ்வேறு பிட் ரேட்டுகளில் தருகிறது, ஆப்பிள் மியூசிக் 2021 முதல் இழப்பில்லா வடிவத்திலும் தருகிறது. அந்தத் தளங்கள் நாம் கொடுத்ததிலிருந்து தாங்களே பல வடிவங்களைச் செய்துகொள்ளும். மூலம் எம்பி3யாக இருந்தால் ‘இழப்பில்லா’ முத்திரையின் கீழ் கேட்பவருக்குப் போவது ஏற்கெனவே இழந்த ஒலி. மாஸ்டர் செய்பவருக்கு இங்கே ஒரு கடமை உண்டு. எண்களின் உச்சியைத் தொடும்வரை ஒலியை ஏற்றிவிட்டால், சுருக்கத்தில் அலையின் உருவம் சற்று மாறும்போது உச்சி எல்லையைத் தாண்டிப் பிசிறடிக்கும். ஒரு டெசிபல் இடம் விட்டு வைப்பது இதற்காகத்தான். ஸ்பாட்டிஃபை போன்ற தளங்கள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே ஒலி அளவுக்குக் கொண்டுவந்துவிடுவதால், “இன்னும் கொஞ்சம் சத்தமா வைங்க” என்று கேட்கிற தயாரிப்பாளருக்கு அங்கே லாபம் ஏதும் கிடையாது.

இனி இந்தத் தொழிலில் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. வேவ் கேட்டால், கையில் இருக்கும் எம்பி3யை வேவாக மாற்றி அனுப்புவது. கோப்பு பெரிதாகிவிடும், பெயரின் முடிவில் `.wav` என்று வந்துவிடும், விநியோக நிறுவனத்தின் படிவமும் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டுவிடும். எறிந்த ஒலி மட்டும் திரும்பி வராது. சந்தேகம் வந்தால் ஸ்பெக் என்ற இலவச மென்பொருளிலோ ஆடாசிட்டியின் அலைவரிசைப் படத்திலோ திறந்து பார்க்கலாம். 16 கிலோஹெர்ட்ஸ் அருகில் கத்தரித்ததுபோல் நேர்கோட்டில் ஒலி நின்று, அதற்கு மேல் பாட்டு முழுக்கக் கறுப்பாக இருந்தால் அது 128 எம்பி3யின் வழித்தோன்றல் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். பழைய கேசட்டிலிருந்து எடுத்த பதிவிலும் எஃப்எம் ஒலிபரப்பிலிருந்து பிடித்ததிலும் உயரமான ஒலி இயல்பாகவே இருக்காது. எஃப்எம்மின் எல்லையே 15 கிலோஹெர்ட்ஸ். மாறாக, 320 எம்பி3யிலிருந்து வந்த போலி வேவ் 20 கிலோஹெர்ட்ஸ் வரை எட்டிப் பார்க்கும், படத்தில் எளிதில் பிடிபடாது. ஆகவே இதைக் கருவியால் மட்டும் காவல் காக்க முடியாது. மூலம் தொலைந்துவிட்டதென்றால், “இது எம்பி3யிலிருந்து எடுத்த வேவ்” என்று கோப்போடு ஒரு வரி எழுதி அனுப்புவதை நாம் எல்லோரும் மரியாதைக் குறைவாகக் கருதாமல் வழக்கமாக்க வேண்டும். அந்த ஒரு வரி இருந்தால் வாங்குபவர் அதன் மேல் இன்னொரு சுருக்கம் சேர்க்காமல் கவனமாக நடந்துகொள்வார்.

ஒலிக்கு இவ்வளவு என்றால் பெயர்களின் கதை இன்னும் மோசம். எம்பி3க்குள் பாடகர், இசையமைப்பாளர், பாடலாசிரியர் பெயர்களை எழுதி வைக்க இடம் உண்டு. ஃபிளாக்கிலும் உண்டு. வேவில் உண்டென்றாலும் அதை எல்லா மென்பொருளும் படிப்பதில்லை. மாஸ்டரை வேவாக வைத்திருப்பவர்கள் பெயர்ப் பட்டியலைத் தனியே ஒரு கோப்பாகவும் வைத்திருப்பது இதனால்தான் அவசியம். பழைய கார் பிளேயர்கள் படிக்கும் முதல் தலைமுறைக் குறிப்பில் ஒரு பெயருக்கு 30 பைட்டுதான் இடம். யூடிஎஃப்-8 குறியீட்டில் ‘முருகன்’ என்ற ஒரு சொல்லே 21 பைட்டு பிடிக்கிறது. பாட்டின் முழுத் தலைப்பை அதில் அடைக்க நினைத்தால் பாதியில் அறுந்து கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அடுத்த தலைமுறைக் குறிப்பு தமிழை முழுமையாக ஏற்கும். கமிட்டியின் பென்டிரைவுக்கு ஆங்கில எழுத்தில் தலைப்பு, மற்றவர்களுக்குத் தமிழில் என்று இரண்டும் வைத்துக்கொள்வது உசிதம்.

ஆனால் பலரும் அறியாத விஷயம், கோப்புக்குள் எழுதும் பெயரைப் பார்த்து யாரும் ராயல்டி கொடுப்பதில்லை என்பதுதான். பணம் போகும் பாதையைத் தீர்மானிப்பது விநியோக நிறுவனத்தின் படிவத்தில் நிரப்பும் பெயரும், ஐபிஆர்எஸ் போன்ற உரிமைச் சங்கத்தில் பாடலைப் பதிவு செய்வதும். 2012ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, ஒலிப்பதிவிலிருந்து வரும் ராயல்டியில் பாடலாசிரியருக்கும் இசையமைப்பாளருக்கும் உள்ள பங்கை அவர்களே எழுதிக் கொடுத்துவிட நினைத்தாலும் முடியாது. வாரிசுக்கோ உரிமைச் சங்கத்துக்கோ மட்டுமே தரலாம். சட்டம் இவ்வளவு உறுதியாகக் கொடுத்த பங்கு, படிவத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டதால் வந்து சேராமல் போகிறது. அந்தக் கட்டத்தை நிரப்பும் வேலை பெரும்பாலும் கூடத்தில் இருக்கும் இளைஞர் ஒருவரின் தலையில் விழுகிறது. அவருக்குப் பாட்டு எழுதியவரைத் தெரியவே தெரியாது.

பெயரை எழுதும் விதத்திலும் நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருவரே `K. Senthil`, `Senthil K`, `Sendhil` என்று மூன்று பாட்டில் மூன்று விதமாக எழுதப்பட்டால், தளத்துக்கு அவர் மூன்று கலைஞர். வெறும் `Senthil` என்று விட்டால் முன்பின் தெரியாத இன்னொருவரின் பக்கத்தில் போய்ச் சேரக்கூடும். முதல் பெயர், கடைசிப் பெயர் என்று கேட்கும் படிவங்களில் தலைப்பெழுத்தை என்ன செய்வதென்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக முடிவெடுக்கிறார்கள். இதைத் தீர்மானிக்கும் உரிமையும் கடமையும் அந்தக் கலைஞருடையது. ஒருமுறை தன் பெயரை எழுத்துக்கூட்டி எழுதிக் கொடுத்துவிட்டால், மற்றவர்கள் அதை அப்படியே படியெடுப்பார்கள்.

பக்திப் பாட்டில் ‘பாரம்பரியம்’ என்று போட்டு முடித்துவிடுவது இன்னொரு பழக்கம். அருணகிரிநாதரின் வரிகளுக்கு அது பொருந்தும், ஆனாலும் புதிதாக மெட்டமைத்தவர் பெயரைத் தனியே எழுத வேண்டும். பாபநாசம் சிவன் பாடலுக்கு அது பொருந்தாது. அவர் மறைந்தது 1973இல். ஆசிரியர் மறைந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள் என்ற நம் சட்டக் கணக்கில், அவர் பாடல்களின் காப்புரிமை 2033 முடிய நிற்கிறது. கச்சேரிகளில் அன்றாடம் கேட்பதால் மட்டும் ஒரு பாட்டு ஊர்ச்சொத்தாகிவிடாது.

ஐஎஸ்ஆர்சி எனப்படும் 12 எழுத்துக் குறியீடும் இந்தப் பட்டியலில் இருக்க வேண்டும். ஒரு குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு வாழ்நாள் முழுவதற்குமான அடையாள எண் அது. நம் முருகன் பாட்டின் முழு வடிவத்துக்கு ஒன்று, குரலை நீக்கிய மைனஸ் ஒன் வடிவத்துக்கு வேறொன்று. விநியோக நிறுவனத்தை மாற்றும்போது பழைய எண்ணையே புதிய நிறுவனத்திலும் கொடுக்க வேண்டும். தெரியாமல் புதிதாக ஒன்று வாங்கினால் அதுவரை சேர்ந்த கேட்புக் கணக்கு பழைய எண்ணோடு நின்றுபோகலாம், பாட்டு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். வேறு நிறுவனத்துக்கு மாறும் நாளில் பழைய எண்ணைத் தேடி அலையாமலிருக்க, அதைப் பெயர்ப் பட்டியலிலேயே எழுதி வைப்பதுதான் வழி.

இவ்வளவையும் யார் செய்வது? கூடம்தான் எல்லாம் செய்ய வேண்டும் என்று சொல்வது எளிது, நியாயமாகாது. சின்னக் கூடங்கள் ஒரு பாட்டுக்கு வாங்கும் தொகையில் வருடக்கணக்கில் ஹார்டு டிஸ்க் பராமரிப்பதும் அடங்கியிருப்பதாக வாடிக்கையாளர் நினைத்துக்கொள்கிறார். கூடம் அப்படி நினைப்பதில்லை. முழுப் பணம் வரும்வரை கூடங்கள் வேவைக் கொடுக்காமல் எம்பி3 மட்டும் அனுப்புவதும் தவறில்லை. பாக்கி நிற்பவர்களிடம் பட்ட அனுபவத்தால் வந்த தற்காப்பு அது. பணம் வந்த பிறகு வேவை அனுப்ப அவர்களும் மறந்துபோவதும், கேட்க இவர்களும் மறந்துபோவதும்தான் அந்த ஏற்பாட்டின் ஓட்டை.

அதனால் கடைசித் தவணை கைமாறும் நேரத்தையே எல்லோரும் சந்திக்கும் இடமாக வைத்துக்கொள்ளலாம் என்பது என் யோசனை. ஒப்புதலுக்கு எம்பி3 போதும். கடைசித் தவணையன்று கூடம் மூன்று பொருள்களைத் தர வேண்டும்: 24 பிட் மாஸ்டர், குரல் நீக்கிய வடிவம், பெயர்ப் பட்டியல். வாடிக்கையாளர் அவற்றை அங்கேயே திறந்து கேட்டுப் பார்த்து, “பெற்றுக்கொண்டேன்” என்று எழுதித் தர வேண்டும். அதன் பின் கூடம் எத்தனை மாதம் ஒரு படியை வைத்திருக்கும் என்பதையும் அதே தாளில் எழுதிவிட வேண்டும். ஓராண்டு என்றால் ஓராண்டு. அதற்குப் பின் காப்பது வாடிக்கையாளர் பாடு. அவர் அதை ஃபிளாக்காக மாற்றி வெவ்வேறு இடங்களில் இரண்டு படிகள் வைத்துக்கொண்டால், கோப்பு கெட்டுவிட்டதா என்று அவரே பார்க்க முடியும். ஃபிளாக் கோப்பு தன் ஒலியின் கைரேகையைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது.

```
flac -t padal.flac
```

என்று கட்டளையிட்டால், ஒலியில் ஒரு பிட் மாறியிருந்தாலும் அது சொல்லிவிடும். வேவ் அப்படிச் சொல்லாது. கெட்டுப்போன வேவ், நடுவில் ஒரு ‘டக்’ சத்தத்தோடு சாதாரணமாகவே ஓடிக்கொண்டிருக்கும்.

பெயர்ப் பட்டியலைத் தொடங்கி வைப்பது இசையமைப்பாளரின் வேலையாக இருக்கட்டும். யார் எழுதினார், யார் வாசித்தார் என்பதை அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. ஒலிப்பதிவு நாளன்றே, வந்தவர்கள் கிளம்பும் முன், ஒவ்வொருவரும் தன் பெயரைத் தானே எழுதிக் கொடுத்துவிட்டுப் போகலாம். கோப்பை அனுப்பும்போது கூகிள் டிரைவ் போன்ற இணைப்பாகவோ வாட்ஸ்அப்பில் ஆவணமாகவோ அனுப்ப வேண்டும். வீடியோவாக அனுப்பினால் அங்கேயே ஒரு சுருக்கம் சேர்ந்துவிடும். கோப்பின் பெயரும் பேச வேண்டும். `final_final2.wav` என்று ஒன்று வந்தால் அது முதல் மிக்ஸா கடைசி மாஸ்டரா என்று யாராலும் சொல்ல முடியாது. `Murugan_Padal_Master_48k24b.wav` என்றிருந்தால் எடிட்டருக்குத் தனியாகப் போன் போட்டுக் கேட்கும் வேலை இல்லை.

விநியோக நிறுவனங்களும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. பாடலாசிரியர் கட்டம் காலியாக இருந்தால் படிவம் மேலே நகரக் கூடாது. தமிழில் ஒன்று, ஆங்கில எழுத்தில் ஒன்று என இரண்டு பெயர்களை ஏற்கும் வசதி எல்லா நிறுவனத்திலும் வர வேண்டும். ஏற்றப்படும் வேவ் கோப்பில் 16 கிலோஹெர்ட்ஸ் வெட்டு தெரிந்தால், மூலத்தைப் பற்றி ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும். கேசட் காலப் பதிவு என்று ஏற்றுபவர் பதில் சொன்னால் அந்தக் கேள்வி அதோடு முடிந்துவிடும்.

சங்கங்கள், கூடங்கள், இசையமைப்பாளர்கள் சேர்ந்து அமர்ந்தால், ஒரு பக்கத்துக்கு மேல் போகாத ஒப்படைப்புத் தாள் ஒன்றை ஒரு மாலையில் எழுதி முடிக்கலாம். அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. இப்போது பாட்டு ஒன்று கைவசம் இருக்கிற தயாரிப்பாளர்கள், கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் 24 பிட் வேவைக் கேட்டு வாங்குங்கள். அங்கேயே முழுவதும் ஓட விட்டுக் கேளுங்கள். பெயர்ப் பட்டியலில் பாடலாசிரியரின் பெயர் அவர் எழுதும் விதத்திலேயே இருக்கிறதா என்று பார்த்த பிறகு கையெழுத்துப் போடுங்கள்.